அந்த சீட் யாருடையது?

இடஒதுக்கீட்டை ஆதரிப்பவன் நான். ஆனால் நம் தரப்பில் எல்லாக் காரணங்களையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறோம். வாதம் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் காரணம், தலைமுறைகளாக நடந்த அநீதிக்கு ஈடு. இதை மட்டும் நம்பிப் பேசினால் ஒரு கேள்வி வரும்: "தவறு செய்தது யாரோ. சீட்டை இழப்பது 17 வயதுப் பையன். பலன் பெறுவதோ அந்தச் சமூகத்திலேயே வசதியான வீட்டுப் பிள்ளை." கேள்வியின் பின்பாதி நியாயமானது. அதற்குப் பதில் ஒதுக்கீட்டைக் கைவிடுவதல்ல, உள்ளே பிரிப்பது. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் அருந்ததியருக்கு 3 சதவீதத்தைத் தமிழ்நாடு 2009இல் உள்ஒதுக்கீடாகத் தந்தது. அப்படிப் பிரிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது.

கேள்வியின் முன்பாதிக்கு ஈடு என்ற வாதத்தில் முழுப் பதில் இல்லை. அதற்குப் பங்கீடு என்ற வாதம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி சீட் பொதுச் சொத்து. அதை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் கேள்வி.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கிய 7.5 சதவீத ஒதுக்கீட்டையே பாருங்கள். 2020க்கு முன் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே அவர்களுக்கு 300க்கும் மேல் சீட் ஒதுக்கப்பட்டது. அந்த 7.5க்குள்ளும் 69 சதவீத சமூக ஒதுக்கீடு உண்டு. அதனால் அங்கே பட்டியல் சாதி இடத்துக்கு ஒரு மாணவி போட்டியிடுவது தன்னைப்போலவே அரசுப் பள்ளியில் படித்த பட்டியல் சாதி மாணவர்களோடுதான்.

ஒரு உதாரணம். ஒருவர் இரண்டு வருடம் கோச்சிங் போய் 720க்கு 520 எடுக்கிறார். இன்னொருவர் அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டே முதல் முறையில் 420. இந்த 100 மதிப்பெண் வித்தியாசத்தில் திறமை எவ்வளவு, வாங்கிய பயிற்சி எவ்வளவு என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 520 எடுத்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் அவர் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. பங்கீட்டு விதி முடிவாகும் முன் அந்த சீட் யாருக்கும் சொந்தமில்லை.

பன்மை வாதம் எனக்குப் பெரிதாக ஒட்டுவதில்லை. வகுப்பில் பலவகை மனிதர்கள் இருந்தால் எல்லோரும் கற்பார்கள் என்பது சரிதான். ஆனால் அதில் அந்த மாணவியின் உரிமை காணாமல் போகிறது, மற்றவர்களுக்குப் பயன்படுவதால் அவளுக்கு இடம் என்றாகிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் 1978 முதல் பெரிதும் இதையே பிடித்துக்கொண்டிருந்தன. 2023இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் அதை ஏற்க மறுத்தபோது, கையில் வேறு வலுவான வாதம் இல்லை.

என்னைத் தொந்தரவு செய்யும் ஆட்சேபம் வேறு: "பள்ளியைச் சரிசெய்யாமல் வாசலில் சரிசெய்கிறீர்கள்." பள்ளியைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் பிளஸ் டூ முடித்துப் போகும் ஒவ்வொரு பேட்ச்சையும் காத்திருக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இன்னொரு ஓட்டையும் உண்டு. 7.5க்குள்ளேயே கோச்சிங்குக்குப் பணம் கட்டி மறுமுறை எழுதுபவர்கள், முதல்முறை எழுதுபவர்களைப் பின்னுக்குத் தள்ள முடியும். முதல்முறை எழுதுபவர்களுக்கு அதற்குள் ஒரு பங்கைத் தனியாக வைக்க வேண்டும் என்பேன்.