நாட்குறிப்பிலிருந்து பல்லவிக்கு

நாட்குறிப்பின் ஒரு பத்தியைப் பாடலாக்க முனையும்போது, அதில் உள்ள எல்லாவற்றையும் சந்தத்துக்குள் அடைக்க முயல்வதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை என்று நினைக்கிறேன். பத்தி நடந்ததைச் சொல்கிறது. பல்லவிக்கு அதில் ஒரு காட்சி போதும்.

அப்பா மறைந்த 11ஆம் நாள் நான் எழுதிய குறிப்பு இது: “வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அலமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதில் பெருவிரல் ரேகை படிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். மனம் தாங்கவில்லை.”

முதலில் நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டேன். நான்கு வரி எழுதிய பிறகே, காலி நாற்காலி எந்த வீட்டு இழப்புக்கும் பொருந்தும் என்பதும், அங்கே எதுவும் நிகழவில்லை என்பதும் உறைத்தன. பிறகு ‘வெறிச்சோடி’, ‘தாங்கவில்லை’ என்று உணர்வைப் பெயர் சொல்லி அழைக்கும் சொற்களை அடித்துவிட்டு, எஞ்சியதில் எது தானாகவே அந்த உணர்வைத் தருகிறது என்று பார்த்தேன். எடுத்த துணி திரும்பப் போன அந்த ஒரு கணம்தான் நின்றது. அதில் ஒரு பொருள் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது, அந்தச் செயல் பாதியில் நின்றுபோகவும் செய்கிறது.

*துடைக்கத்தான் துணியெடுத்தேன் கண்ணாடியை*
*கிடக்கட்டும் பெருவிரலின் ரேகையதில்*

துடைக்க, கிடக்க என்ற எதுகை தேடாமலே வந்தது. இரண்டு அடியிலும் மூன்று மூன்று சீர்கள், அசைகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதால், ஒரே மெட்டில் இரண்டும் உட்காரும். ‘அப்பா’ என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே வைக்கவில்லை. யாருடைய விரல் என்ற கேள்வியோடு கேட்பவர் சரணத்துக்கு வரட்டும் என்று விட்டேன்.

சரணத்தில்தான் பெரும்பாலும் வழுக்குகிறது. புதிதாக ஒரு நிலவையோ உதிர்ந்த இலையையோ கொண்டுவந்தால், பல்லவியில் சேர்த்த கனம் அங்கேயே கலைந்துவிடும். அதே பொருளை இன்னும் ஓர் அடி நகர்த்திப் பார்க்க வேண்டும். துடைக்காத கண்ணாடியை அடுத்து என்ன செய்வேன்? போட்டுப் பார்ப்பேன். நாட்குறிப்பில் இல்லாத இந்தச் செயலை அந்தக் காட்சியே எனக்குக் கொடுத்தது.

*போட்டுப் பார்த்தேன் எழுத்தெல்லாம் கலங்குதப்பா*
*கேட்டுப் பார்க்க நீயில்லை கழற்றிவிட்டேன்*

முதல் வடிவில் இரண்டாம் அடி ‘கண்ணீரா கண்ணாடியா சொல்லப்பா’ என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படித்தபோது, ‘கலங்குது’ என்ற ஒரு சொல்லிலேயே கண்ணாடியின் பவரும் என் கண்ணும் சேர்ந்தே இருப்பது தெரிந்தது. கண்ணீரை எடுத்துவிட்டேன்.