பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து: ஒரு திருத்தம்

நெல்லுக்குப் பின் உளுந்து போடுவது பற்றி இங்கே ஒரு அண்ணா சொன்ன யோசனை இது: "நெல் அறுத்து, வயல் காய்ந்ததும் உழுது உளுந்து போடுங்க. ஈரத்துல விதைச்சா அழுகிடும்."

பாதி சரி அண்ணா. தண்ணீர் நிற்கும் வயலில் அழுகத்தான் செய்யும். ஆனால் காயவிட்டு உழுதால், உளுந்து நம்பியிருக்கும் ஈரமே போய்விடும். அப்புறம் தண்ணீர் கட்டித்தான் காப்பாற்ற வேண்டும்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதைக்க வேண்டும். வயலில் இறங்கிப் பாருங்கள்: கால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. அதுதான் பதம்.

போன வருஷம் ஒரு ஏக்கரில் 10 கிலோ விதைத்தோம். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. பூக்கும்போதும், 15 நாள் கழித்தும் ஒவ்வொரு முறையும் 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முந்தைய நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் 200 லிட்டராக்கித் தெளித்தோம். 180 கிலோ கிடைத்தது. 2024-25 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7,400 ரூபாய் என்று வைத்தால் 13,320. விதை, மருந்து, பறிப்புக்கூலி 5,000 போக மீதி கைக்கு வந்தது.



நம்ம செம்மண் மேட்டு வயலில் ஈரம் சீக்கிரம் இறங்கிவிடும், பள்ளத்து வயலே தோது. இயந்திர அறுவடையில் சக்கரத் தடத்தில் முளைகள் நசுங்குகின்றன. அதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, யாராவது சமாளித்திருந்தால் சொல்லுங்கள்.