மேல்வரிசைப் பல் இல்லாத ஆடு கிழடா?

“மேல்தாடையில் முன்பல் இல்லாத ஆடு கிழடு, ஏமாறாதீங்க” என்று பக்ரீத் சமயத்தில் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்.

தவறு. குட்டியானாலும் ஆடு, மாடுகளுக்கு மேலே முன்பல் முளைப்பதே இல்லை. கெட்டியான ஈறுதான் இருக்கும். வயது தெரிய, கீழுதட்டை விலக்கி எட்டு முன்பற்களைப் பாருங்கள். சென்னை புளியந்தோப்பில் ஓர் ஆட்டைப் பிடிக்கிறீர்கள். நடுவில் பாற்பல் விழுந்து முளைத்த இரண்டு நிலைப்பல் அகலமாக, பக்கத்துக்கு மூன்று சின்னப் பாற்பற்கள். சரி, அது ‘இரண்டு பல்’: ஒன்று முதல் ஒன்றரை வயது. மாட்டிலோ இதே வாய்க்கு வயது இரண்டைத் தொட்டிருக்கும். ஆட்டுக்கு எட்டும் நிலைப்பல்லாக மாற ஏறக்குறைய நான்கு வயதாகும். அப்புறம் தேய்மானத்தை வைத்து ஊகம்தான். கரடுமுரடான மேய்ச்சலில் பல் சீக்கிரம் தேயும். இடைவெளி விட்டு ஆடும் பல்தான் கிழட்டு ஆட்டின் அடையாளம்.