கணுக்காலில் பாயும் பூனை உங்களை அடக்கப் பார்க்கவில்லை

“பூனை ஒளிஞ்சிருந்து காலைக் கடிச்சா உங்களை அடக்கப் பாக்குதுன்னு அர்த்தம். மூக்குல ஒரு தட்டு தட்டுங்க.”

இப்படிச் சிலர் சொல்றாங்க. ஆனா அதிகாரமெல்லாம் இல்லைங்க, அது வேட்டை விளையாட்டு. தரையை ஒட்டி நகர்ற கால் அதுக்கு இரை மாதிரி. சோபா அடியில பம்மி, கண்மணி விரிஞ்சு, பின்பக்கத்தை ஆட்டினா அடுத்த நொடி பாய்ச்சல்தான். தட்டினா ஒண்ணு பயப்படும், இல்ல விளையாட்டுன்னு இன்னும் கடிக்கும்.

எங்க ஏழு வயசுப் பூனை ராத்திரி 9 மணிக்குக் கதவோரம் பதுங்கும். 8:45க்கே தூண்டில் பொம்மையை 10 நிமிஷம் இழுத்து, கடைசியில பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வெச்சேன். மூணு வாரத்துல ரொம்பவே குறைஞ்சது. லேசர் லைட் காட்டி விளையாடலாம்னு சொல்றவங்க பாதி சரி. ஓட்டம் உண்டு, பிடிக்கத்தான் எதுவும் சிக்காது.

கவ்விட்டா காலை இழுக்காம அசையாம நில்லுங்க. வளர்ந்த பூனை திடீர்னு ஆரம்பிச்சா, சீறிக்கிட்டே கடிச்சா, வலி இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுங்க.