ஜீப்ரா கோடு சேர்ந்தால் மட்டும் போதாது

கணினி மாடலின் பரப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் கருப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பதுபோல் மென்பொருள் காட்டுவதுதான் ஜீப்ரா கோடு. அதைப் பற்றி ஒரு கருத்து: "ஜீப்ரா கோடுகள் இணைப்பில் முறியாமல் சேர்ந்தால் பரப்பு குறையற்றது, மோல்டு அச்சு செய்ய அனுப்பிவிடலாம்."

பாதிதான் சரி. இரு பரப்புகளும் ஒரே சாய்வில் தொடுகின்றன என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கோடுகள் இணைப்புக்குக் குறுக்கே ஓடும்படி மாடலைத் திருப்பி, சேரும் இடத்தில் கோடு முழங்கைபோல் மடிகிறதா என்று பாருங்கள். வியாசர்பாடியில் எங்கள் பட்டறைக்கு வந்த மிக்ஸி உறையில் தட்டைப் பக்கத்தை 6 மி.மீ. ஆரமுள்ள வட்ட வளைவு தொட்டது. கோடுகள் சேர்ந்தே இருந்தன. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வளைவின் அளவைச் சீப்புப் பற்கள்போல் காட்டும் கர்வேச்சர் கோம்பைப் போட்டதும் அந்த அளவு 0-விலிருந்து 1/6-க்கு ஒரே தாவலாகத் தாவியது. பளபளப்பான உறையில் டியூப்லைட் பிம்பம் அங்கேதான் ஒடிந்தது. வளைவு படிப்படியாக ஏறும் இணைப்பை வைத்த பிறகே அது சீரானது.

பளபளப்பில்லாத மேட் உறையிலும் இது தெரியுமா என்று கேட்ட அண்ணனுக்கு: சொரசொரப்பில் இந்த மடிப்பு பெரும்பாலும் மறையும். எதுவரை விடலாம் என்பதை மாதிரித் துண்டில்தான் பார்க்க வேண்டும்.