பாதி என்பது pH-இல் இல்லை, கன அளவில்

டைட்ரேஷன் வளைவிலிருந்து அசிட்டிக் அமிலத்தின் pKa-வை எப்படிப் படிப்பது என்ற பேச்சில் ஒருவர் சொன்னது: "சமானப் புள்ளியில் pH 8.7, அதில் பாதி 4.35, அதுதான் pKa."

இல்லைங்க, பாதியாக்க வேண்டியது பியூரெட் அளவை. 25 மி.லி. 0.1 M அசிட்டிக் அமிலத்துக்கு 0.1 M NaOH விட்டால், வளைவு செங்குத்தாக ஏறும் இடம் 25 மி.லி.; அதில் பாதியான 12.5-இலிருந்து மேலே போய்ப் பார்த்தால் 4.76 பக்கம் வரும், ஏனென்றால் அங்கே அமிலமும் அசிட்டேட்டும் சம அளவு, அப்போது pH-உம் pKa-வும் ஒன்றே. 4.35 என்பது சுமார் 7 மி.லி.யிலேயே வந்துவிடும், அப்போது கால்வாசிக்குச் சற்று மேல்தான் அமிலம் தீர்ந்திருக்கும். அதை நம்பினால் Ka இரண்டரை மடங்கு அதிகமாக வரும்.

"பாதியில் pH 7" என்ற ராயபுரம் நண்பரே, பாதி அமிலம் தீர்ந்தது சரி, மீதிப் பாதி அங்கேயேதான் இருக்கிறது.

ஃபீனால்ஃப்தலீன் நிறங்காட்டி பாதியைக் காட்டுமா என்று கேட்டவருக்கு: அது 25-ஐத்தான் காட்டும், 12.5-இல் நிறமே மாறாது.

தண்டையார்பேட்டை தம்பிக்கு pKa 4.6 என்று வந்ததற்கு பியூரெட் அளவு தவறியது காரணமாக இருக்காது, நடுவில் வளைவு தட்டை, 1 மி.லி. பிசகினாலும் pH 0.07தான் மாறும். மீட்டரை 4, 7 பஃபரில் சரிபார்த்தீர்களா? அது தெரியாமல் என்னால் சொல்ல முடியாது.