ஃபெயிலியர் என்று இருந்தால் அலர்ட்டை மூடிவிடலாமா?

வியாசர்பாடியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வெள்ளிக்கிழமை செக்யூரிட்டி அனலிஸ்ட் இன்டர்வியூவுக்குப் போய்வந்தான். "லாக் கொடுத்தாங்கண்ணா, நைட்டு எல்லாமே ஃபெயிலியர், காலைல ஆபீஸ்ல இருந்து சரியா லாகின் ஆயிருக்கு, மூடிடலாம்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க எதுவுமே கேக்கல" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஏனென்றால் கோர்ஸில் வரையறைகளை மனப்பாடம் பண்ண வைக்கிறார்களே தவிர ஒரு வரி லாகை உட்கார்ந்து படிக்கச் சொல்லித் தருவதில்லை.

அவன் சொன்னதை வைத்து, ஆபீஸ் லாகின்களைப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவின் லாக் மாதிரி ஒன்றை எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு வரியிலும் நேரம், ஐபி, ரிசல்ட் கோடு.

```
2025-03-11T20:41:07Z  203.0.113.45   50126
2025-03-11T20:44:30Z  203.0.113.45   500121
2025-03-11T20:45:11Z  203.0.113.45   500121
2025-03-12T03:52:40Z  198.51.100.20  0
```

முதலில் நேரம். கடைசியில் இருக்கும் Z யுடிசியைக் குறிக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் முதல் வரி ராத்திரி 2:11. தம்பி அதை இரவு 8:41 என்று படித்து, வீட்டிலிருந்து வேலை பார்த்திருப்பார் என்று நினைத்துவிட்டான்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். கோடு 0 என்றால் லாகின் வெற்றி. 50126 என்றால் பயனர்பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 500121 அப்படியில்லை, அது எம்எஃப்ஏ கட்டத்தில், அதாவது போனில் அப்ரூவ் பண்ணச் சொல்வது மாதிரியான இரண்டாவது சரிபார்ப்பில் தோற்றது. வழக்கமாக அந்தக் கட்டம் வரவேண்டுமென்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்திருக்க வேண்டும். அதாவது மூன்றரை நிமிடத்துக்குள் யாரோ சரியான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, அந்த ஊழியரின் போனுக்கு அப்ரூவல் கேட்டு இரண்டு தடவை தட்டியிருக்கிறார்கள். காலை 9:22-க்கு ஆபீஸ் ஐபியிலிருந்து அவர் ஒழுங்காக உள்ளே வந்ததால் இது சரியாகிவிடாது, பாஸ்வேர்டு இன்னும் ராத்திரி முயன்றவன் கையில்தான் இருக்கிறது.

ஆனால் 500121-ஐப் பார்த்ததுமே திருட்டு என்று கத்துவதும் தப்பு. போனை வேறு அறையில் வைத்துவிட்டு ப்ராம்ப்டைக் கவனிக்காத ஆளுக்கும் அதே கோடுதான் வரும். அப்போது ஐபியும் டிவைஸும் அவர் வழக்கமாகப் பயன்படுத்துவதாகவே இருக்கும். பாஸ்வேர்டே இல்லாமல் போன் வழியாக உள்ளே வரும் கணக்கு என்றால், பாஸ்வேர்டு தெரியாதவன்கூட ப்ராம்ப்டை அனுப்ப முடியும். அதனால் Authentication Details பகுதியைத் திறந்து, முதல் படியில் எந்த முறை தேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே Password என்று இருந்து Succeeded பக்கத்தில் true என்றும் இருந்தால், சரியான பாஸ்வேர்டு போடப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்டர்வியூ எடுப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: பிஷிங் என்றால் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு இப்படி நாலு வரி கொடுங்கள், யார் எங்கே நிற்கிறார், எங்கே அவசரப்படுகிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"சரிண்ணா, அடுத்து என்ன பண்ணணும்?" என்றான். அந்த ஊழியரை போனில் கூப்பிட்டு ராத்திரி ப்ராம்ப்ட் வந்ததா என்று கேள், மெயிலில் கேட்காதே, மெயில் யார் கையில் இருக்கிறதென்று இன்னும் உனக்குத் தெரியாது. பாஸ்வேர்டை மாற்ற வை, திறந்திருக்கும் செஷன்களை ரத்து பண்ணு. அப்புறம் அந்த 203.0.113.45-ஐ எல்லாக் கணக்குகளிலும் தேடு, அதே ராத்திரி இன்னொருவர் தூக்கக்கலக்கத்தில் அப்ரூவ் தட்டியிருக்கலாம், அங்கே கோடு 0 என்றுதான் இருக்கும்.